வீட்டுக் கடன் ஸ்டேட்மென்ட்: என் தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நான் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வரிக்கழிவுக்குச் சான்று கொடுக்க வேண்டிய ஜனவரி மாதம் வந்தால் கையில் கடன் ஸ்டேட்மென்டோடு நாலைந்து பேராவது என் மேஜைக்கு வந்துவிடுவார்கள். கேட்பது எல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அதனால் அவர்கள் கேட்டபடியே எழுதி வைத்து, பதிலையும் சேர்த்திருக்கிறேன். கணக்கு முழுவதற்கும் ஒரே கடனை எடுத்துக்கொள்கிறேன்: 30 லட்சம், 20 வருடம், அதாவது 240 தவணை, மாறும் வட்டி 8.5 சதவீதம். இதற்கு மாதத் தவணை 26,035 ரூபாய். உங்கள் கடன் வேறாக இருந்தால் எண்ணை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாசம் 26,035 கட்டுறேன். இதுல வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

உங்களுக்கு வேண்டியது இரண்டே எண்கள்: போன தவணைக்குப் பிறகு நிற்கும் அசல் பாக்கி, இன்றைய வட்டி வீதம். பாக்கியை வீதத்தால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் அந்த மாத வட்டி வந்துவிடும். தவணையில் அது போக மீதி இருப்பதுதான் அசலுக்குப் போகிறது.

முதல் மாதம் பாக்கி 30 லட்சம். அதற்கு 8.5 சதவீதம் என்றால் வருடத்துக்கு 2,55,000, மாதத்துக்கு 21,250. 26,035-இல் 21,250 போக 4,785 அசலில் கழியும். பாக்கி 29,95,215 ஆகும். அடுத்த மாத வட்டியை இந்தப் புதுப் பாக்கிக்குத்தான் போட வேண்டும், அது 21,216 வரும், அசலுக்கு 4,819 போகும். 34 ரூபாய் வட்டி குறைந்தது, அதே 34 ரூபாய் அசலில் கூடியது. 240 மாதமும் நடப்பது இது ஒன்றுதான்.

கையால் போட அலுப்பாக இருந்தால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இந்த இரண்டு வரி போதும். நடுவில் இருக்கும் 1 என்பது எத்தனையாவது தவணை என்பது. அதை 2, 3 என்று மாற்றிக்கொண்டே போகலாம்.

```
=IPMT(8.5%/12, 1, 240, -3000000)
=PPMT(8.5%/12, 1, 240, -3000000)
```

முதல் வரி வட்டியைத் தரும், இரண்டாவது அசலை.

அஞ்சு வருஷம் ஒழுங்கா கட்டிட்டேன், 15 லட்சத்துக்கு மேல போயிருக்கு, பாக்கி இன்னும் 26 லட்சத்துக்கு மேல காட்டுதே. ஏமாத்துறாங்களா சார்?

இல்லை, அந்த எண் சரிதான். 60 தவணையில் நீங்கள் கட்டியது 15,62,100. அதில் அசலுக்குப் போனது சுமார் 3.56 லட்சம். மீதி 12 லட்சத்துக்கு மேல் வட்டி. பாக்கி 26.44 லட்சம் அளவில் நிற்க வேண்டும், நிற்கிறது. பார்க்கும்போது வயிறு எரியும், அது எனக்கும் தெரியும், ஆனால் தொடக்கத்தில் பாக்கி பெரிது என்பதால் வட்டியும் பெரிது, அவ்வளவுதான். வங்கி வட்டியை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறது என்று பலர் சொல்வது தவறு. அந்தந்த மாதம் நிற்கும் பாக்கிக்கு உண்டான வட்டியைத்தான் எடுக்கிறது.

வீதம் மாறாமல் இருந்தால் இந்தக் கடனில் 143-ஆவது தவணையில்தான், அதாவது பன்னிரண்டாவது வருடம் முடிகிற சமயத்தில், அசல் பங்கு வட்டிப் பங்கை முதல் முறையாகத் தாண்டும். பாக்கி பாதியாக, 15 லட்சமாக, இறங்குவது 166-ஆவது தவணையில். இருபது வருடக் கடனில் பாதிக் காலம் போனால் பாதிக் கடன் போயிருக்கும் என்று நினைத்து வீட்டை விற்கக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

என் ஸ்டேட்மென்ட்ல அசல், வட்டின்னு தனித்தனிக் கட்டமே இல்ல. வெறும் Debit, Credit, Balance மட்டும் இருக்கு. இதை எப்படிப் படிக்கிறது?

கடன் கொடுக்கும் நிறுவனத்தைப் பொறுத்து ஸ்டேட்மென்ட் இரண்டு மாதிரி வரும். வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் பெரும்பாலும் தவணைக்கு ஒரு வரி போட்டு, அதிலேயே Principal, Interest என்று பிரித்துக் காட்டிவிடும். பல வங்கிகள் சேமிப்புக் கணக்கு பாஸ்புக் மாதிரியே கொடுக்கும். இந்த இரண்டாவது வகையில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள், ஏனென்றால் இங்கே பற்றும் வரவும் தலைகீழ். நீங்கள் கட்டும் தவணை Credit-இல் வரும், வங்கி ஏற்றும் வட்டி Debit-இல் வரும். பாக்கி முன்னால் ஒரு கழித்தல் குறியோ பின்னால் Dr என்றோ இருக்கும். அது நீங்கள் தர வேண்டிய பணம்.

ஒரு மாதத்தை எடுத்துப் பார்ப்போம். நம் கடனுக்கு ஒரு வருடம் முடிந்து ஏப்ரல் 1 அன்று பாக்கி 29,40,289 என்று வையுங்கள். 5-ஆம் தேதி தவணை 26,035 வரவு வைக்கப்படுகிறது, பாக்கி 29,14,254 ஆகிறது. இதைப் பார்த்து 'அடடா, தவணை முழுக்க அசலில் கழிந்துவிட்டதே' என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. கொஞ்சம் கீழே பாருங்கள்: 30-ஆம் தேதி, தினப்படி பாக்கிக்குப் போட்ட வட்டி என்று 20,384 Debit-இல் ஏறியிருக்கும், பாக்கி மறுபடி 29,34,638 ஆகியிருக்கும். ஆக அந்த மாதம் உண்மையில் குறைந்த அசல், தவணைக்கும் வட்டிக்கும் உள்ள வித்தியாசமான 5,651 மட்டுமே. மாதத் தொடக்கப் பாக்கியிலிருந்து மாத முடிவுப் பாக்கியைக் கழித்தாலும் இதே எண் வரும், வர வேண்டும்.

வீதம் மாறல, தவணையும் மாறல. ஆனா பிப்ரவரியில வட்டி குறைவா இருக்கு, மார்ச்சுல திடீர்னு கூடுது. ஏன்?

முதல் பதிலில் சொன்ன 12-ஆல் வகுக்கும் கணக்கு ஒரு வகை. பாஸ்புக் மாதிரி ஸ்டேட்மென்ட் தரும் வங்கிகள் பெரும்பாலும் தினப்படி பாக்கிக்கு வட்டி போட்டு மாதக் கடைசியில் மொத்தமாக ஏற்றுவார்கள். அப்போது மாதத்தில் எத்தனை நாள் என்பது முக்கியமாகிவிடும். 30 லட்சம் பாக்கிக்கு 28 நாள் வட்டி 19,562, 31 நாள் வட்டி 21,658. இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் வித்தியாசம், இதில் தவறு ஏதும் இல்லை.

இந்த வகைக் கணக்கில் தவணைத் தேதிக்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு. மேலே சொன்ன ஏப்ரல் மாதத்தில் 5-ஆம் தேதிக்குப் பதில் 25-ஆம் தேதி தவணை கட்டியிருந்தால் வட்டி 20,505 வந்திருக்கும், 121 ரூபாய் அதிகம்.

கடன் வாங்கும்போது ஒரு அட்டவணை குடுத்தாங்க. அதுல இருக்கிற அசலும் இப்ப ஸ்டேட்மென்ட்ல வர்ற அசலும் ஒத்தே போகல. எது சரி?

ஸ்டேட்மென்ட்தான் சரி. அட்டவணை என்பது அன்றைய வீதம் கடைசி வரை மாறாது, ஒரு தவணையும் தவறாது, கூடுதலாக ஒரு ரூபாயும் கட்ட மாட்டீர்கள் என்று வைத்துப் போட்ட கணக்கு. மாறும் வட்டிக் கடனில் முதல் வீத மாற்றம் வந்ததுமே அது பழைய காகிதம் ஆகிவிடும். வீதம் மாறும் ஒவ்வொரு முறையும் புது அட்டவணையைக் கேட்டு வாங்கி, பழையதன் மேல் குத்தி வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மீதித் தவணை எண்ணிக்கையைப் பார்த்தாலே என்ன நடந்தது என்று புரிந்துவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்பது அடுத்த பதிலில்.

வட்டி ஒரு சதவீதம் ஏறிச்சுன்னு மெசேஜ் வந்துச்சு, ஆனா தவணை அதே 26,035 தான். நமக்கு நல்லதுதானே?

நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். தவணை மாறவில்லை என்றால் ஏறிய வட்டி உங்கள் அசல் பங்கிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. அதே 29,40,289 பாக்கியை எடுத்துக்கொள்வோம். 12-ஆல் வகுக்கும் கணக்கில் 8.5 சதவீதத்தில் அடுத்த மாத வட்டி 20,827, அசலுக்கு 5,208. வீதம் 9.5 ஆனதும் வட்டி 23,277, அசலுக்கு வெறும் 2,758. அசல் பங்கு கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. கைப்பணத்தில் ஒரு ரூபாய் கூட மாறாததால் யாரும் கவனிப்பதில்லை.

இதன் விலை கடன் காலத்தில் தெரியும். இன்னும் 228 தவணை இருந்தது 285 ஆகிவிடும். 57 தவணை, நாலே முக்கால் வருடம். அதன் மொத்தம் சுமார் பதினான்கே முக்கால் லட்சம். இதுவே காலத்தை 228-இலேயே வைத்துத் தவணையை உயர்த்தச் சொல்லியிருந்தால் மாதம் சுமார் 1,865 ரூபாய் கூடக் கட்ட வேண்டும், மொத்தமாக நாலே கால் லட்சம். 2022 மே மாதத்திலிருந்து 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கு வாங்கும் வட்டியான ரெப்போ வீதத்தை 4 சதவீதத்திலிருந்து 6.5 வரை ஏற்றியபோது, ஐம்பது வயதைத் தொட்ட பலருக்கு ஓய்வு வயதைத் தாண்டியும் தவணை ஓடுகிற நிலை இப்படித்தான் வந்தது.

தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் இதுவரை வசூலான அசல், வசூலான வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணை எண்ணிக்கை, வருட வட்டி வீதம் இவை ஐந்தும் உள்ள ஸ்டேட்மென்டையும் தர வேண்டும். நான் முதலில் பார்ப்பது நான்காவது எண்ணைத்தான். மூன்று மாதத்தில் அது மூன்று குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை, அல்லது கூடியிருக்கிறது என்றால் வீதம் ஏறிவிட்டது, காலத்தை நீட்டிவிட்டார்கள்.

வட்டி ஏறிக்கிட்டே போனா தவணை வட்டிக்கே பத்தாமப் போயிடுமா?

கணக்குப்படி போகும். 29,40,289 பாக்கிக்கு வீதம் சுமார் 10.6 சதவீதத்தைத் தாண்டினால் மாத வட்டியே 26,035-ஐ மிஞ்சிவிடும். அப்புறம் கட்டக் கட்டப் பாக்கி ஏறும். காலத்தை நீட்டுவதால் இந்த நிலை வரக்கூடாது என்று மேலே சொன்ன அதே உத்தரவில் இருக்கிறது, அதனால் அதற்கு முன்பே தவணையை உயர்த்திவிடுவார்கள். ஸ்டேட்மென்டில் இரண்டு மாதத்துக்கு மேல் மாத முடிவுப் பாக்கி ஏறிக்கொண்டே போனால் உடனே கிளைக்குப் போங்கள்.

ரெப்போ குறைஞ்சிருச்சுன்னு டிவியில சொன்னாங்க. என் வட்டிப் பங்கு மட்டும் குறையவே இல்லையே?

உங்கள் வீதம் எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வீதத்தைத் திருத்த வேண்டும். 2025 பிப்ரவரியிலிருந்து ஜூனுக்குள் ரெப்போ 6.5-இலிருந்து 5.5 ஆனபோது இந்தக் கடன்களில் வீதம் இறங்கியது. 2019 அக்டோபருக்கு முன்பு வாங்கிய வங்கிக் கடன்களும், வங்கி அல்லாத வீட்டுக் கடன் நிறுவனங்கள் தங்கள் சொந்த அளவுகோலில் கொடுத்த கடன்களும் அப்படி உடனே இறங்காது. ஒரு கட்டணம் கட்டிப் புது வீதத்துக்கு மாற்றிக்கொள்ள முடியுமா என்று எழுதிக் கேளுங்கள்.

வீதம் இறங்கியும் தவணை அப்படியே இருந்தால் அது நல்ல விஷயம். நம் கணக்கில் 7.5 சதவீதம் ஆனால் வட்டி 18,377, அசலுக்கு 7,658. வீதம் 9.5 ஆனபோது பார்த்ததற்கு நேர் எதிர். தவணையைக் குறைக்கட்டுமா என்று கேட்டால், சமாளிக்க முடிகிறவரை வேண்டாம் என்றே சொல்வேன்.

கையில இருந்த ஒரு லட்சத்தைக் கூடுதலா கட்டினேன். அது அசல்லதான் கழிஞ்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

கட்டிய தேதியில் பாக்கி முழுசாக ஒரு லட்சம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் அடுத்த மாத வட்டியைப் பாருங்கள், 8.5 சதவீதத்தில் அது சுமார் 708 ரூபாய் குறைந்திருக்க வேண்டும். இரண்டும் நடந்திருந்தால் சரி.

நடக்காமலும் போகும், எனக்கே நடந்தது. ஒரு நிறுவனத்தில் இணைய வழியாகக் கூடுதல் பணம் கட்டினேன். அவர்கள் அதை அசலில் கழிக்காமல் வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக ஓரமாக வைத்துக்கொண்டார்கள். பணம் போனது, ரசீது வந்தது, ஆனால் மூன்று மாதம் வட்டி ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. ஸ்டேட்மென்டைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் 'அசலில் கழிக்கவும், தவணைத் தொகை மாறாமல் காலத்தைக் குறைக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள் என்கிறேன். ஒரு வருட முடிவில் கட்டும் அந்த ஒரு லட்சம் 228 தவணையை 210 ஆக்கும். 18 தவணை என்றால் நாலரை லட்சத்துக்கு மேல். தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக் கடனில் இப்படி முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் கிடையாது.

ஃபிளாட் இன்னும் கட்டி முடிக்கல. ஒன்றரை வருஷமா மாசாமாசம் பணம் போகுது, அசல் ஒரு பைசா குறையல?

குறையாது. வீடு கட்டி முடிக்கும் வரை, அதுவரை பில்டருக்குக் கொடுத்த தொகைக்கு மட்டும் வட்டி வாங்குகிறார்கள். 10 லட்சம் கொடுத்திருந்தால் மாதம் 7,083, அத்தனையும் வட்டி. உங்கள் 240 தவணை இன்னும் தொடங்கவே இல்லை. முழுத் தவணையை இப்போதே தொடங்க அனுமதிப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் வாங்கினது 30 லட்சம். ஸ்டேட்மென்ட்ல ஆரம்பத்துலயே 30 லட்சத்து 90 ஆயிரம்னு இருக்கு?

பெரும்பாலும் கடன் காப்பீட்டு பிரீமியத்தைக் கடனோடு சேர்த்திருப்பார்கள். கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டில் அந்தத் தாளும் இருந்திருக்கும். அந்த 90 ஆயிரத்துக்கும் இருபது வருடம் வட்டி ஓடும் என்பதால், வேண்டுமா வேண்டாமா என்பதை முதல் மாதத்திலேயே முடிவு செய்யுங்கள். புது பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒரு குறிப்பிட்ட கால அவகாசம் உண்டு.

ஒரு மாசம் அக்கவுன்ட்ல பணம் இல்லாம தவணை திரும்பிடுச்சு. அதுக்கப்புறம் கணக்கே உதைக்குது.

தவணை வராத அந்த மாதமும் வட்டி ஏறியிருக்கும், அதோடு பவுன்ஸ் கட்டணமும் தாமதக் கட்டணமும் தனித்தனி வரியாக Debit-இல் வந்திருக்கும். அடுத்து நீங்கள் கட்டும் பணம் இவற்றுக்குப் போய்விட்டுத்தான் அசலுக்கு வரும் என்பதால் மேலே சொன்ன கழித்தல் கணக்கு சரியாக வராது. கட்டண வரிகளைத் தனியாக எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள், உட்கார்ந்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தாமதத்துக்கான அபராதத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக்கூடாது, இதுவும் ரிசர்வ் வங்கி விதி.

வங்கி குடுத்த வட்டிச் சான்றிதழ்ல உள்ள தொகையும் நான் கூட்டின தொகையும் பொருந்தல. எதை ஆபீஸ்ல குடுக்கிறது?

சான்றிதழைக் கொடுங்கள், ஆனால் அது எந்தச் சான்றிதழ் என்று பாருங்கள். ஜனவரியில் வருவது தற்காலிகமானது, மார்ச் வரை உள்ள தவணைகளை ஊகித்துப் போட்டது. நடுவில் வீதம் மாறினாலோ கூடுதலாகக் கட்டினாலோ ஏப்ரலில் வரும் இறுதிச் சான்றிதழில் எண் மாறும். வரிக் கணக்குத் தாக்கலுக்கு அந்த இறுதியானதுதான் வேண்டும். கூட்டும்போது காலண்டர் வருடத்தைக் கூட்டிவிட்டு வருகிறவர்களும் உண்டு, ஏப்ரல் முதல் மார்ச் வரை கூட்டுங்கள்.

நம் கடனுக்கு முதல் பன்னிரண்டு தவணையில் வட்டி சுமார் 2,52,709, அசல் 59,711. பழைய வரிமுறையில் இருப்பவர் சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்கு வட்டியில் 2 லட்சம் வரைதான் கழிக்க முடியும், மீதி வீண். அசல் வரிக்கழிவுக்கான ஒன்றரை லட்சம் உச்சவரம்புக்குள், பிஎஃப், எல்ஐசி எல்லாவற்றோடும் சேர்ந்து வரும். புது வரிமுறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்த இரண்டும் கிடையாது.

எல்லாம் போட்டுப் பாத்துட்டேன், உண்மையிலேயே தப்பா இருக்கு. யாருகிட்ட போறது?

எந்த மாதம், எந்த வரி, நீங்கள் போட்ட எண் எது, அவர்கள் போட்டது எது என்று குறித்து, கிளைக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 'வட்டி அதிகமாகப் போட்டிருக்கிறீர்கள்' என்று பொதுவாக எழுதினால் பொதுவான பதில்தான் வரும். 'ஜூலை 1 முதல் வீதம் 8.25 என்று தகவல் அனுப்பினீர்கள், ஜூலை வட்டியை 8.5-க்கே ஏற்றியிருக்கிறீர்கள்' என்று எழுதினால் திருத்தியே ஆக வேண்டும். வங்கிக் கடன் என்றால், 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அந்த ஒப்புகையின் நகலையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருக்கும், பத்திரமாக வைத்திருங்கள்.